சராசரிக்குத் திரும்பியது, ஆனாலும் நஷ்டம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டிலிருந்தே டிரேடிங் செய்கிறேன். 20 நாள் சராசரியை நடுக்கோடாகவும், அதற்கு 2 திட்ட விலக்கம் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கோடும் வைத்த பொலிஞ்சர் பேண்டில், விலை கீழ்க்கோட்டுக்குக் கீழே முடிந்தால் வாங்குவேன். நடுக்கோட்டைத் தொட்டால் விற்பேன்.

ஒரு பங்கை 412 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது நடுக்கோடு 440. விலை 372 வரை சரிந்தது. தினமும் கீழ்க்கோட்டை ஒட்டியே இறங்கியது, ஏனென்றால் சரிவில் திட்ட விலக்கம் பெருகி, கோடும் கூடவே விலகிப் போகும். மூன்று வாரத்தில் விலை நடுக்கோட்டைத் தொட்டது. ஆனால் 396-இல்! விலை பழைய 440-க்கு ஏறிப் போகவில்லை, சராசரிதான் கீழே இறங்கி வந்திருக்கிறது. பங்குக்கு 16 ரூபாய் நஷ்டம். இது புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

இப்போது முதலில் நடுக்கோட்டைத்தான் பார்க்கிறேன். 10 நாளுக்கு முன் இருந்ததைவிடத் தெளிவாக இறங்கியிருந்து, பேண்டும் விரிந்துகொண்டே போனால் அந்தப் பங்கைத் தொடுவதில்லை. சராசரி கிடையாக இருந்தால், விலை மறுபடி பேண்டுக்குள் வந்து முடியும்வரை காத்திருந்து, அப்புறம் வாங்குகிறேன். சற்று கூடுதல் விலைதான், பரவாயில்லை.

சரிவின் முதல் நாட்களில் சராசரி இன்னும் கிடையாகவே தெரியும். அந்த இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். அதனால் சமீபத்திய தாழ்வுக்குக் கீழே ஸ்டாப் லாஸ் கட்டாயம் போடுகிறேன்.