நான்கு பக்கமும் பாய்வு மட்டும் தெரிந்தபோது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவின் நிலத்தடி நீருக்கு லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருந்தது. 60 மீட்டர் நீள வெட்டுமுகம். எல்லையில் நீர்மட்டம் எங்கும் தெரியாது, பாய்வு மட்டும்தான். மேலே மழைநீர் நாளுக்கு 4 மி.மீ. இறங்குகிறது. ஓடைப் பக்கம் 10 மீட்டர் உயர முகத்தில் நாளுக்கு 23 மி.மீ. வெளியேறுகிறது. மற்ற இரு பக்கமும் நீர் புகாத பாறை.

`spsolve` உடனே `Matrix is exactly singular` என்றது. `A @ np.ones(n)` போட்டால் எல்லாம் பூஜ்யம். எந்த விடையோடும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் பாய்வு மாறாதே, அணி எந்த விடையைத் தேர்ந்தெடுக்கும்?

பலரும் ஒரு புள்ளியின் மதிப்பை நிலைநிறுத்திவிடுவார்கள். செய்தேன், தீர்வு வந்தது. ஆனால் அந்தப் புள்ளியில் மட்டும் ஒரு கூர்முனை. காரணம் கணக்கில் இருந்தது: உள்ளே 60 × 0.004 = 0.24, வெளியே 10 × 0.023 = 0.23. மிஞ்சிய 0.01 அந்தப் புள்ளி வழியே ஒழுகியது. மூலமே இல்லாத சமன்பாட்டில் எல்லைப் பாய்வின் கூட்டுத்தொகை பூஜ்யமாக இருந்தால்தான் தீர்வே உண்டு.

`b -= b.mean()` போடலாம்தான், ஆனால் அது 0.01-ஐ மலை முழுக்கப் போலி உறிஞ்சலாகப் பரப்பிவிடும். (எல்லையில் கற்பனைப் புள்ளி வைத்த முறையில் அணி சமச்சீராக இருக்காது, எளிய சராசரியும் அங்கே தப்பு.) ஓடைப் பக்கம் அளந்தது, மழை இறக்கம் மதிப்பீடு. அதனால் மழையை 3.83 மி.மீ. ஆக்கினேன். கூர்முனை போய்விட்டது. அப்புறம் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை வைத்து மாறிலியைப் பொருத்தினேன்.