மழைக்கு முன்னால் குடிதண்ணீரும் கெடாத சாப்பாடும்: ஐந்து பேருக்கு ஐந்து நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நம் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரையைத் தாண்டியது. பல ஊர்களில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தெருவெல்லாம் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னாலும் செய்வதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வையுங்கள். ஐந்து பேர், ஐந்து நாள் என்றால் 100 லிட்டர். குளிக்க, கழுவ மாடித் தொட்டித் தண்ணீர். மழை எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பிவிட்டு, கீழே இறங்கும் வால்வை அடைத்து விடுங்கள். இல்லாவிட்டால் வழக்கம்போல் குழாயைத் திறந்து திறந்தே ஒரே நாளில் காலியாகிவிடும்.

20 லிட்டர் கேன் ஐந்து வாங்கினால் கணக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு கேன் 20 கிலோ. தண்ணீர் வாசலைத் தாண்டும்போது அதைப் பரணுக்கோ மாடிக்கோ யார் தூக்குவது? நான் 5 லிட்டர் கேன்களைத்தான் சொல்வேன். சின்னப் பிள்ளைகூட எடுத்துப் போகும். ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த கேன் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

நிறைய பேருக்குச் சிக்கல் வரும் இடம்

சுத்தமான தண்ணீர் என்று ஆர்.ஓ. மிஷினில் பிடித்துச் சேர்த்து வைப்பார்கள். சில நாளில் கேனுக்குள் வழவழப்பு வந்துவிடும். காரணம் இதுதான்: குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின்தான் கிருமி வளராமல் காக்கிறது. ஆர்.ஓ. மிஷின் அந்தக் குளோரினையும் எடுத்துவிடுகிறது. அதனால் சேமிக்க, லேசாகக் குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரே நல்லது.

கேனை சோப்புப் போட்டுக் கழுவி, மூடியின் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அழுக்கு அங்கேதான் ஒட்டியிருக்கும். வாய்ப்பகுதிக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் இன்னொரு முறை கழுவ வேண்டும். நிரப்பியபின் வெயில் படாத இடத்தில் வைத்து, மூடியில் தேதி எழுதுங்கள். மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு முறை செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன். எடுக்கும்போது டம்ளரை உள்ளே முக்காமல் சாய்த்து ஊற்றுங்கள்.

சாப்பாடு: தண்ணீர் குடிக்காத சாமான்

அரிசி மூட்டை இருந்தால் போதும் என்பார்கள். அரிசி களைய, வடிக்க எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பாருங்கள். அதனால் அவலைத்தான் முதலில் சொல்வேன். அடுப்பே வேண்டாம், கொஞ்சம் நல்ல தண்ணீரில் நனைத்தால் போதும். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம். தினம் ஒரு வேளை என்றால் எங்கள் கணக்குக்கு இரண்டரை கிலோ. கூடவே உடன்குடிக் கருப்பட்டி, பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை. இன்னொரு வேளைக்குச் சோறு. களைந்த தண்ணீரைப் பாத்திரம் கழுவ வையுங்கள், வடிக்காமல் குக்கரில் அளவு தண்ணீர் வையுங்கள். பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் குழம்பே தேவைப்படாது. பருப்பு வேக வைப்பதானால் பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்து கேஸை மிச்சப்படுத்தும்.

கரண்ட் போனதும் முதல் நாளே ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு, பால், காய்கறியைத் தீருங்கள். அவல் டப்பாவை அப்புறம் திறக்கலாம். எல்லாம் இறுக்கமான எவர்சில்வர் தூக்கில், பரணில். பொங்கலுக்குள் தின்று தீர்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் புதிதாக வாங்குங்கள். பழைய அவலில் வண்டு விழும், கடலை சிக்கு வாடை அடிக்கும்.

பின்னர் சேர்த்தது

சேர்த்த தண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். கலங்கிய தண்ணீரை அப்படியே காய்ச்சாதீர்கள். தெளியவிட்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வையுங்கள். கேஸ் இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையில் இருக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் அதை மட்டும் நம்புங்கள். போட்டு அரை மணி நேரம் கழித்து லேசான வாடை வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு முறை அதே அளவு போட்டுக் காத்திருங்கள்.

ஆனால் வயல், வாழைத்தோட்டம் வழியாக ஓடிவந்த வெள்ளத்தில் பூச்சிமருந்தும் உரமும் கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தாலும் மாத்திரை போட்டாலும் அது போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. மழையே பெய்துகொண்டிருந்தால், சில நிமிடம் விட்டுவிட்டு மொட்டை மாடியில் திறந்த வெளியில் அண்டாவை வைத்துப் பிடியுங்கள். அதையும் காய்ச்சியே குடியுங்கள்.