வார்பரின் போடுற அம்மாவ ட்ரிங்கோவுக்குக் கூட்டிக்கொண்டு வரேக்க விடக்கூடாத பிழையள்

யாழ்ப்பாணத்தில தனிய இருந்த அம்மாவ எங்களோட இருக்கச்சொல்லி திருகோணமலை உவர்மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தம். வயசு 74. சீனி, பிரஷர், அதோட இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம அடிக்கிற வருத்தம், அதுக்கு இரத்தம் கட்டாம இருக்கப் போடுற வார்பரின் குளிசை. லொறில கட்டில், அலுமாரி, அம்மியெல்லாம் ஏத்தி ஒண்டும் விடுபடேல்ல, ஆனா மருந்து விசயத்தில நான் விட்ட பிழையள் ரெண்டு மாசத்துக்கு மேல எங்கள ஆட்டிப் படைச்சுது. சீனிக்கும் பிரஷருக்கும் போடுற குளிசை கொஞ்சம் முன்னபின்னப் போனா பெரும்பாலும் சமாளிக்கலாம், வார்பரின் அப்பிடியில்ல, அதால இங்க அத வச்சே சொல்றன். உங்கட வீட்டில வேற மருந்தா இருந்தாலும் பிழை நடக்கிற இடம் கிட்டத்தட்ட இதேதான்.

முதல் பிழை, கடைசி மருந்துத் துண்ட மட்டும் மடிச்சு பேர்சுக்குள்ள வச்சுக்கொண்டு வாறது. நானும் அதத்தான் செய்தன், கிளினிக் கொப்பியையும் கொண்டுவந்தன் எண்டு வையுங்கோ, ஆனா கொப்பி போன வருசம் மாத்தின புதுக் கொப்பி, பழசு யாழ்ப்பாணத்தில சாமியறை றாக்கைக்குள்ள கிடந்துது. மருந்துத் துண்டில என்ன மருந்து, எவ்வளவு எண்டு இருக்கும். ஏன் போடுறது எண்டு இருக்காது. வார்பரின் போடுறதுக்கு பல காரணம் இருக்கு. சிலருக்கு கால் நாளத்தில இரத்தம் கட்டினதுக்கு சில மாசம் மட்டும் போடுவினம், சிலருக்கு செயற்கை வால்வு வச்சதுக்கு ஆயுசு முழுக்க, அம்மா மாதிரி ஆக்களுக்கு துடிப்பு ஒழுங்கில்லாததால இதயத்துக்குள்ள இரத்தம் கட்டி மூளைக்குப் போகாம இருக்க. காரணத்தப் பொறுத்துத்தான் ஐ.என்.ஆர். எவ்வளவில நிக்க வேணும் எண்டதும் மாறும். துடிப்புப் பிரச்சினைக்கு 2க்கும் 3க்கும் இடையில, இடப்பக்கத்து மைட்ரல் வால்வில இரும்பு வால்வு வச்சவைக்கு அதவிடக் கொஞ்சம் கூட. (ஐ.என்.ஆர். எண்டது இரத்தம் உறைய எடுக்கிற நேரத்த அளக்கிற கணக்கு, வார்பரின் போடாத ஆளுக்கு 1 அளவில வரும்.)

புது டொக்டர் அம்மாவப் பாத்துப்போட்டு முதல் கேட்ட கேள்வியே, "இப்ப ஐ.என்.ஆர். பாக்கத் தேவையில்லாத புதுக் குளிசையள் இருக்கு, ஏன் இவவுக்கு இன்னும் வார்பரின்?" எண்டதுதான். எனக்குப் பதில் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, "அவை தந்தவை, நான் போட்டன்" எண்டா. நியாயமான கேள்வி, கன பேருக்கு அப்பிடி மாத்தவும் செய்யினம். நல்ல காலம் அவர் இதயத்த ஸ்கான் பண்ணின எக்கோ றிப்போட் பாக்காம மாத்தமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். பக்கத்து வீட்டு அன்ரிட்ட திறப்பு இருந்ததால சாமியறையத் துறந்து பழைய றிப்போட்டப் படம் எடுத்து அனுப்பினா, அதில சின்ன வயசில வந்த வாதக் காய்ச்சலால மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கு எண்டு கிடந்துது. வால்வு அப்பிடிச் சுருங்கின ஆக்களுக்கு துடிப்புப் பிரச்சினையும் சேந்து இருந்தா வார்பரின்தான் போடவேணும், 2022ல வந்த பெரிய ஆய்வு ஒண்டிலயும் புதுக் குளிசைய விட வார்பரின் போட்டவைதான் நல்லா இருந்தவை. அந்த ஒரு தாள் இல்லாட்டி அம்மாட மருந்து மாறியிருக்கலாம், ஆரிலயும் பிழையும் சொல்லேலாது.

அதால ஊர விட்டு வெளிக்கிட முதல் தேட வேண்டியது மருந்துத் துண்டில்ல, காரணம் எழுதின தாளுகள்: எக்கோ றிப்போட், ஆஸ்பத்திரில நிண்ட எல்லாத் தடவைக்கும் தந்த டயக்னோசிஸ் காட், கடைசி ஆறேழு ஐ.என்.ஆர். எழுதின கொப்பி. டயக்னோசிஸ் காட் துலைஞ்சிருந்தா அந்த ஆஸ்பத்திரி றெக்கோட் றூம்ல கேட்டுப்பாருங்கோ. வாட்டில எழுதின பீ.எச்.ரி. எண்ட நோயாளிக் கோப்பு ஆஸ்பத்திரியோடயே நிக்கும், வீட்ட தரமாட்டினம், அதின்ட இலக்கமும் வீட்ட விட்ட திகதியும் தெரிஞ்சா தேடுறது லேசு. திகதி தெரியாம போய் "ரெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம்" எண்டு நிண்டா அவையும் என்ன செய்யிறது. எல்லாத்தையும் பக்கம் பக்கமா போன்ல படம் எடுத்து வையுங்கோ, ஏனெண்டா புது கிளினிக்கில புதுக் கொப்பி போடேக்க பழச வாங்கி வைக்கவும் கூடும்.

இன்னொண்டு, இது இலவசமா கிடைக்கிற சாமான், கேக்காம விடுறது எங்கட பிழை. பழைய கிளினிக்கில கடைசி நாள் போகேக்க "இவவ இனித் திருகோணமலைக்குக் கொண்டு போறம், அங்கத்த வீ.பி.க்கு ஒரு லெட்டர் தாங்கோ" எண்டு கேளுங்கோ, வீ.பி. எண்டது மெடிக்கல் வாட்டுப் பெரிய டொக்டர். என்ன வருத்தம், ஏன் வார்பரின், ஐ.என்.ஆர். எவ்வளவில வைக்கிறது, இப்ப கிழமைக்கு எத்தின மில்லிகிராம், சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிறியற்றினின் எவ்வளவு, எந்த மருந்து ஒத்துவராது, அடுத்த ஐ.என்.ஆர். எப்ப, இவ்வளவும் அரைப் பக்கத்துக்குள்ள அடங்கும். வந்தாப் பிறகு போன்ல கேட்டு எடுக்கிறது நடக்கிற காரியமில்ல, கிளினிக்கில நிண்ட டொக்டரும் மாறிப் போயிருப்பார்.

சரி, இப்ப என்ட பெரிய பிழைக்கு வாறன்.

அம்மாக்கு ஒரு நாள் 3 மில்லிகிராம், அடுத்த நாள் 4 மில்லிகிராம், மாறி மாறி. யாழ்ப்பாணத்தில குடுத்தது 3 மில்லிகிராம் குளிசையும் 1 மில்லிகிராம் குளிசையும். அதால அம்மாட கணக்கு என்னெண்டா ஒரு நாள் ஒண்டு, அடுத்த நாள் ரெண்டு. மில்லிகிராம் எண்ட சொல்லே அவட வாயில வராது, "ஒண்டும் ரெண்டும்" எண்டுதான் சொல்லுவா, அது வருசக் கணக்கா சரியாத்தான் நடந்துது. இங்க வந்து கையில இருந்தது முடிய நான் பார்மசிக்குப் போனன், 3 இல்ல, 1தான் இருக்கு எண்டிச்சினம், பரவால்ல 1 தாங்கோ எண்டு ரெண்டு கிழமைக்கு 49 குளிசை எண்ணி வாங்கிக்கொண்டு வந்து அம்மாட கையில குடுத்துப்போட்டு வேலைக்கு ஓடிட்டன். "மூண்டு போடோணும் அம்மா" எண்டு சொன்னனான், அது சத்தியம். அவ "எனக்குத் தெரியும் தம்பி" எண்டா.

ரெண்டு கிழமையால ஐ.என்.ஆர். பாத்தா 1.3. அதுக்கு முதல் 2.4. டொக்டர் டோஸ் கூட்டப் பேனைய எடுத்திட்டார், பிறகு என்ன நினைச்சாரோ "குளிசையக் காட்டுங்கோ" எண்டார். பையுக்குள்ள 28 குளிசை மிச்சம். ரெண்டு கிழமைக்கு ஏழு நாள் 3, ஏழு நாள் 4 எண்டா 49ம் முடிஞ்சிருக்க வேணும். அம்மா பழைய மாதிரியே ஒரு நாள் ஒண்டு, அடுத்த நாள் ரெண்டு போட்டிருக்கிறா, மொத்தம் 21. அரைவாசியும் போகேல்ல. அண்டைக்கு எண்ணாம டோஸக் கூட்டியிருந்தா, பிறகு 3 மில்லிகிராம் குளிசை கிடைச்சு அம்மா ஒழுங்கா போடத் தொடங்கேக்க ஐ.என்.ஆர். எங்க போய் நிக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அப்பவும் ஆருக்கும் காரணம் விளங்கியிராது.

அதுக்குப் பிறகு நாங்க செய்யிறது இதுதான். டோஸ எப்பவும் கிழமைக் கணக்கில எழுதி வைக்கிறம், திங்கள் 3, செவ்வாய் 4, அப்பிடியே ஞாயிறு வரைக்கும், கீழ மொத்தம் 24. ஒரு கிழமை 3ல தொடங்கினா 24, 4ல தொடங்கினா 25, மாறி மாறிப் போடுறதுக்குப் பதிலா கிழமையப் பூட்டுங்கோ எண்டு டொக்டரே சொன்னார். குளிசைய நிறத்த வச்சு அடையாளம் பிடிக்கிறதயும் விட்டிட்டம், கொம்பனி மாற நிறமும் மாறும். அளவு வேற குளிசை தந்தா ஏழு பெட்டி வச்ச டப்பாவில நானே ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் போடுறன். கிழமை முடிய பெட்டி வெறுமையா இருக்கோணும், மிச்சம் இருந்தா அண்டைக்கே தெரியும், ஐ.என்.ஆர். வந்துதான் தெரியோணும் எண்டில்ல. இன்னொரு விசயம், வார்பரின் இண்டைக்குப் போட்டது இண்டைக்கு வேலை செய்யாது, ரெண்டு மூண்டு நாள் கழிச்சுத்தான் ஐ.என்.ஆர். அசையத் தொடங்கும், முழுசாக் காட்ட ஒரு கிழமை ஆகும். அதால ஒரு நாள் குறைஞ்சிட்டுது எண்டு அடுத்த நாள் நீங்களா ரெண்டு மடங்கு குடுக்கப்படாது.

டொக்டர் தேடுறதில நடக்கிற பிழை வேற மாதிரி. எல்லாரும் முதல் கேக்கிறது "நல்ல ஹார்ட் டொக்டர் ஆர், எப்ப சனல் பண்ணலாம்" எண்டு. கொழும்பில இருந்தோ கண்டியில இருந்தோ மாசத்தில ஒருக்கா ரெண்டு தரம் வந்து பாத்திட்டுப் போற டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும், செவ்வாய்க்கிழமை ஐ.என்.ஆர். 5 எண்டு வந்தா அவர எங்க பிடிக்கிறது? வார்பரின் போடுற ஆளுக்கு முதல் வேணும் எண்டது ஐ.என்.ஆர். எடுத்து அண்டைக்கோ அடுத்த நாளோ டோஸ் சொல்லுற இடம். அதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி மெடிக்கல் கிளினிக்கில பதிஞ்சு வையுங்கோ, மருந்தும் அங்க காசில்லாம வரும், டொக்டர் மாறினாலும் கிளினிக் மாறாது. ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்ட வருசத்துக்கு ஒருக்கா எக்கோவுக்கும், புதுசா மூச்சு வாங்கினா கால் வீங்கினாவும் காட்டினாப் போதும் எண்டார் எங்கட வீ.பி. ஆனா ரெண்டு பேரும் ஒரே கொப்பியில எழுதோணும். சனல் பண்ணின இடத்துத் தாள் ஒரு பையிலயும் கிளினிக் கொப்பி இன்னொரு பையிலயும் இருந்தா, பிரஷருக்குப் போடுற லொசாட்டான் ரெண்டு கொம்பனிப் பேரில வந்து ரெண்டும் வயித்துக்குள்ள போகும். எங்கட அயலில ஒரு ஐயா அப்பிடிப் போட்டு தலைசுத்தி படியில விழுந்தவர்.

வாற திகதியும் யோசிக்க வேண்டியது. கிளினிக்கில மாச மருந்து எடுத்து, ஐ.என்.ஆர். ஒழுங்கா இருக்கு எண்டு பாத்த அடுத்த கிழமை வெளிக்கிட்டா கையில மூண்டு கிழமை அவகாசம் இருக்கும். நாங்க மாசக் கடைசியில, குளிசை பத்துப் பன்னிரண்டோட வந்தம். வந்து ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள ஒரு ஐ.என்.ஆர். கட்டாயம் பாக்கோணும், மருந்து மாறாட்டியும், ஏனெண்டா சாப்பாடு மாறியிருக்கும். அம்மா அங்க வளவில நிண்ட முருங்கை இலையும் வல்லாரையும் கிழமைக்கு நாலு நாள் சாப்பிட்டவ, இங்க வந்து மீன்தான். கீரையில இருக்கிற விற்றமின் கே வார்பரினுக்கு எதிரா வேலை செய்யும், கீரைய திடீரெண்டு விட்டா ஐ.என்.ஆர். ஏறும், திடீரெண்டு கூட்டினா இறங்கும். விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்ல, எப்பவும் போல ஒரே அளவில சாப்பிடச் சொல்லித்தான்.

சாமான் ஏத்தி இறக்கின களைப்பில முழங்கால் நோ எண்டு பார்மசியில டைக்குளோபினாக் வாங்கிக் குடுக்கிற பழக்கமும் எங்கட ஆக்களிட்ட இருக்கு. வார்பரினோட அது வயித்துக்குள்ள இரத்தம் கசிய வைக்கும். வயித்துப்போக்குக்குத் தாற மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆர. ஏத்திவிடும். பார்மசியில என்னத்த வாங்கினாலும் "வார்பரின் போடுறவ" எண்டு முதல் சொல்லுங்கோ. மலம் கறுப்பா தார் மாதிரிப் போனா, மூத்திரம் சிவந்தா, முரசில இரத்தம் நிக்காம வந்தா, தலை அடிபட விழுந்தா, அடுத்த கிளினிக் நாள் பாத்திருக்காம நேர ஆஸ்பத்திரிக்கு. வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு கை விழுந்தாலோ அதுவும் அப்பிடித்தான், அது மூளைக்குள்ள இரத்தம் கட்டினதாவோ கசிஞ்சதாவோ இருக்கலாம்.

அம்மாட பேர்சுக்குள்ள இப்ப ஒரு சின்ன மட்டை இருக்கு, வார்பரின், கிழமைக்கு 24, ஐ.என்.ஆர். 2 தொடக்கம் 3, மைட்ரல் வால்வு சுருக்கம், என்ட போன் நம்பர். கோணேசர் கோயிலுக்குப் போனாலும் அத எடுத்துக்கொண்டுதான் போவா. போன கிழமை பக்கத்து வீட்டு ஆச்சி "இதென்ன மட்டை" எண்டு கேக்க, "எனக்கு ஒண்டு ரெண்டு மறந்து போச்சாம், மோன் எழுதித் தந்தவன்" எண்டு சொல்லிச் சிரிச்சாவாம்.