அரபு இருமையில் எங்கே சறுக்குகிறோம்?

தமிழில் ஒன்றைத் தாண்டினால் பன்மைதான். அரபியில் இரண்டுக்குத் தனி வடிவம் உண்டு; அதற்கு முதன்னா என்று பெயர். அதனால் "இரண்டு நூல்கள்" என்பதை நாம் "இஸ்னானி குதுப்" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடுகிறோம். "கிதாபானி" என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடும். "இரண்டே இரண்டு" என்று அழுத்த வேண்டுமானால்தான் எண்ணைச் சேர்ப்பார்கள், அதுவும் பெயருக்குப் பின்னால்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டு புதிய மாணவர்கள் வந்து, ஆசிரியரின் இரண்டு நூல்களைப் படித்தார்கள்.

ஜாஅ அத்தாலிபானி அல்ஜதீதானி வ கரஆ கிதாபயில் முஅல்லிமி.

வந்தவர்கள் இருவர், ஆனால் "ஜாஅ" ஒருமை. வினை எழுவாய்க்கு முன்னால் வந்தால் ஆண்பால், பெண்பால் மட்டுமே பார்க்கும், எண்ணைப் பார்க்காது. மாணவிகளாக இருந்தால் "ஜாஅத்" ஆகும், அவ்வளவுதான். இங்கே "ஜாஆ" என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எழுவாய் வந்துவிட்ட பிறகு வரும் வினையோ இருமைக்கு மாறியாக வேண்டும். "கரஅ" என்பது "கரஆ" ஆனது அதனால்தான்.

அடுத்து வேற்றுமை. எழுவாயாக நின்றால் ஆனி, செயப்படுபொருளாகவோ உடைமையிலோ முன்னிடைச் சொல்லுக்குப் பின்னோ வந்தால் ஐனி. படிக்கப்பட்டவை நூல்கள் என்பதால் "கிதாபைனி" வர வேண்டும். ஆனால் பின்னால் "ஆசிரியரின்" என்ற சொல் ஒட்டியதும் கடைசி எழுத்தான நூன் உதிர்ந்துவிடும். மிச்சம் "கிதாபய்", அல் சேரும்போது நாவுக்கு வசதியாக ஓர் இகரம் நுழைந்து "கிதாபயில்" ஆகிறது. "கிதாபைனில் முஅல்லிமி" என்று நூனை விட்டுவைத்தால் பிழை. பலருக்கும் மனப்பாடமான "தப்பத் யதா அபீ லஹப்" என்ற குர்ஆன் வசனத்தில் இரு கைகள் என்ற "யதானி" "யதா" ஆனதும் இதே விதியால்தான். முன்னால் நிற்கும் "தப்பத்" ஒருமையாக இருப்பதையும் கவனியுங்கள்.

அடைமொழியில் இன்னொரு பொறி. மனிதரல்லாதவற்றின் பன்மைக்குப் பெண்பால் ஒருமை வரும் என்று படித்திருப்போம்: "அல்குதுபு ஜதீததுன்". அதை இருமைக்கு நீட்டக்கூடாது. இரண்டு நூல்கள் என்றால் "அல்கிதாபானி ஜதீதானி" என்றுதான் வரும்.

வினையிலும் ஒரு நூன் உண்டு: "யக்துபானி", அவர்கள் இருவரும் எழுதுகிறார்கள். பெயரைப் பார்த்து இதை "யக்துபைனி" ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். வினைக்கு ஐனி கிடையவே கிடையாது. "லம்", "லன்" என்ற எதிர்மறைச் சொற்கள் முன்னால் வந்தால் நூன் மட்டும் போய் "லம் யக்துபா" என்று நிற்கும்.

உயிர்க்குறியீடு இல்லாத எழுத்தில் "முஅல்லிமைனி" (இரு ஆசிரியர்கள்), "முஅல்லிமீன" (பல ஆசிரியர்கள்) இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அருகில் அடைமொழி இருந்தாலும் பல சமயம் அதுவும் அதே உருவில்தான் நிற்கும். பின்னால் வரும் பிரதிப்பெயரைப் பாருங்கள்: "ஹுமா" என்றால் இருவர், "ஹும்" என்றால் பலர்.