கெபாசிட்டர் எத்தனை வருடம் உழைக்கும்? 10 டிகிரி கணக்கு போடும் முறை

வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பொருள் முதுமையடையும் வேகம் இரட்டிப்பாகும் என்பது அரினியஸ் சமன்பாட்டிலிருந்து வந்த குத்துமதிப்புக் கணக்கு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு இது நன்றாகவே பொருந்தும். 24 மணி நேரமும் ஓடும் ஒரு ரவுட்டர் அடாப்டரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கெபாசிட்டரின் மேலுறையைப் பாருங்கள். நம்முடையதில் 105°C என்று இருக்கிறது. ஆயுள் மணிநேரம் பெரும்பாலும் உறையில் இருக்காது. சீரிஸ் பெயரை வைத்து டேட்டாஷீட்டில் தேட வேண்டும். இதற்கு 2000 மணி.

அடுத்து வெப்பநிலை. பலரும் சறுக்குவது இங்கேதான். அறையின் வெப்பநிலையைப் போடக் கூடாது, கெபாசிட்டரின் உடம்புச் சூடு வேண்டும். மூடியைத் திறந்து வைத்து அளந்தால் காற்றுப் பட்டு அளவு குறைந்துவிடும். இன்ஃப்ராரெட் கன்னை நான் இதற்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், பளபளக்கும் அலுமினியத் தலையில் அது குறைத்தே காட்டும். கே-டைப் தெர்மோகப்பிள்தான் சரி. பிளக்கைக் கழற்றி, உள்ளே சார்ஜ் இறங்கியதை மீட்டரில் உறுதி செய்துகொண்டு, வெளியீட்டுப் பக்கக் கெபாசிட்டரில் காப்டன் டேப்பால் அதன் முனையை ஒட்டுங்கள். மூடியை மாட்டி, வழக்கமான லோடில் ஒரு மணி நேரமாவது ஓட விட்டு, மீட்டரை மட்டும் பாருங்கள்.

அப்புறம் கணக்கு. T0 என்பது உறையில் உள்ள வெப்பநிலை, L0 அந்தச் சூட்டில் டேட்டாஷீட் சொல்லும் ஆயுள், T நீங்கள் அளந்த சூடு, L கிடைக்கும் ஆயுள்:

```
L = L0 × 2^((T0 − T)/10)
```

65 டிகிரி வந்தால் 2000 × 16 = 32,000 மணி, அதாவது சுமார் மூன்றரை வருடம். அதுவே 75 என்றால் 16,000 மணிதான். அளவில் 10 டிகிரி பிசகினாலே பாதி ஆயுள் காணாமல் போகும். இந்த ஆயுள் முடிவதும் வெடித்துப் போவதைக் குறிக்காது. கெபாசிடன்ஸ் குறைந்து, ஈஎஸ்ஆர் என்னும் உள் மின்தடை ஏறி, டேட்டாஷீட் வரம்பைத் தாண்டியது என்றே பொருள்.

எங்கே பொய்க்கும்? 35 டிகிரி போட்டுப் பாருங்கள்: 2,56,000 மணி, 29 வருடம்! நம்பாதீர்கள். இந்தச் சூத்திரம் உள்ளே உள்ள எலக்ட்ரோலைட் திரவம் ரப்பர் அடைப்பு வழியாக ஆவியாகிக் கசிவதை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. குளிர்ச்சியில் அது மெதுவானாலும் ரப்பரே மெல்ல முதுமையடையும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர், கணக்கில் எவ்வளவு வந்தாலும் 15 வருடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். 105-க்கு மேலேயும் இதை நீட்டக் கூடாது. அங்கே உள் அழுத்தம் கூடி, தலையில் உள்ள வென்ட் திறந்துவிடலாம்.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் சாலிட் பாலிமர் கெபாசிட்டர் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதில் ஆவியாகத் திரவமே இல்லை. அதற்குப் பொதுவாக 20 டிகிரி இறங்கினால் ஆயுள் 10 மடங்கு என்று கணக்கிடுவார்கள். மேலே உள்ள சூத்திரப்படி 4 மடங்குதான் வரும், ஆகவே அதில் இதைப் போடாதீர்கள்.