டெமோ டே அழைப்பு: முதலீட்டாளரையும் மென்டரையும் வரவைக்கும் நாலு வரி

டெமோ டே தேதி முடிவாகிவிட்டது, லிங்க்ட்இனில் ஒரு அழைப்பு போட வேண்டும். பெரும்பாலானவர்கள் "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்கி, இன்குபேட்டருக்கு நன்றி சொல்லி, ராக்கெட் படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். நண்பர்கள் லைக் போடுவார்கள், முதலீட்டாளர் வரமாட்டார். அவருக்கு அதில் தெரிய வேண்டிய எதுவுமே இல்லை.

ஒரு உதாரணத்தை வைத்தே போவோம். கோவையில் மூன்று பேர் சேர்ந்து, ஸ்பின்னிங் மில்லில் ஓடும் ரிங் ஃபிரேம் மெஷினின் பேரிங் கெடப்போவதை முன்கூட்டியே சொல்லும் சென்சார் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: யாருக்கு என்ன வேண்டும் என்று பிரியுங்கள்

முதலீட்டாளர் பார்ப்பது மூன்று விஷயம்: எந்தத் துறை, எந்தக் கட்டம், யாராவது காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்களா. மென்டருக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், அதில் தன்னால் உதவ முடியுமா என்றுதான் பார்ப்பார். அதனால் "முதலீட்டாளர்களும் மென்டர்களும் வருக" என்று ஒரே மூச்சில் அழைக்காமல், ஆளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

படி 2: முதல் இரண்டு வரி

லிங்க்ட்இன் பதிவின் தொடக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை `…more` என்பதற்குப் பின்னால் மறைத்துவிடும். மொபைலில் தெரிவது சுமார் மூன்று வரிதான். தமிழில் எழுதினால் சொற்கள் நீளம், அதற்குள் அடங்குவது இன்னும் குறைவு. ஆகவே பொருள் என்ன, யார் வாங்கியிருக்கிறார்கள் என்ற இரண்டும் அங்கேயே வந்துவிட வேண்டும். நன்றி, வாழ்த்து எல்லாம் வேறொரு நாள் தனிப்பதிவாகப் போட்டுக்கொள்ளலாம்.

எண் ஒன்று போதும், ஆனால் நேரில் கேட்டால் காட்டக்கூடியதாக இருக்கட்டும். இலவசமாகச் சோதனைக்கு மாட்டிய மில்லை "வாடிக்கையாளர்" என்று எழுதாதீர்கள். முதல் கேள்வியே "பில் போட்டீர்களா?" என்றுதான் வரும்.

படி 3: எழுதிப் பாருங்கள்

> ரிங் ஃபிரேம் பேரிங் பழுதாகி மெஷின் நிற்பதற்கு முன்பே மில்லுக்குச் சொல்லிவிடும் சென்சார். கோவை, திருப்பூரில் 3 மில்கள் பணம் கொடுத்துப் பயன்படுத்துகின்றன.
>
> மார்ச் 13, வெள்ளி மாலை 4 மணிக்கு டெமோ டே. 4.20க்கு ஓடும் மெஷினில் மாட்டிக் காட்டுகிறோம். 5.30க்குள் முடிந்துவிடும்.
>
> உற்பத்தித் துறையில் ஆரம்பக்கட்ட முதலீடு செய்பவர்கள் வாருங்கள், விற்பனைக் கணக்கோடு இருப்போம். மில்களுக்குப் பொருள் விற்றுப் பழகிய மென்டர்களே, ஒரு மெஷினில் மாட்டிய மில்லை ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று உங்களிடம் கேட்க வேண்டும்.
>
> இடம்: (அரங்கின் பெயர்), கோவை. 40 இருக்கை. பதிவு: (இணைப்பு)

4.20 என்று நிமிடத்தோடு போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அன்று மாலை இன்னொரு கூட்டம் வைத்திருப்பவர்கூட அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போகலாமே என்று நினைப்பார், "மாலை முழுவதும்" என்றால் அவர் யோசிக்கவே மாட்டார். மென்டர் வரியையும் கவனியுங்கள், "உங்கள் வழிகாட்டல் தேவை" என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல் கேள்வியே அங்கே இருக்கிறது. பதில் தெரிந்தவருக்குக் கை துறுதுறுக்கும்.

படி 4: இதை எழுதாதீர்கள்

"10% பங்கு, இத்தனை கோடி மதிப்பீடு, முதலீட்டுக்கு வாய்ப்பு" என்ற வரி பொதுவெளிப் பதிவில் வரவே கூடாது. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், பங்கு கொடுத்துப் பணம் திரட்டுவது பொதுவாக நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 42-இன் கீழ் வரும். அந்த வெளியீட்டைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தெரியும்படி விளம்பரம் செய்யவோ ஊடகம் வழியாகப் பரப்பவோ அந்தப் பிரிவு தடை போடுகிறது. பொருளைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுவது வேறு, பங்கை வாங்க வாருங்கள் என்பது வேறு. தொகை, விலை பேச்செல்லாம் தனியாக உட்கார்ந்து பேசும்போது. சந்தேகம் வந்தால் போடுவதற்கு முன் உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 5: போடுவதற்கு முன்

வருகிறவர்கள் பெயர் பதிய வேண்டிய இணைப்பை உங்கள் கணக்கு லாகின் ஆகாத ஒரு மொபைலில் திறந்து பாருங்கள். கூகுள் ஃபார்மில் `Limit to 1 response` போட்டிருந்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், ஃபைல் கேட்டிருந்தாலும் அப்படித்தான். அலுவலக மெயில் மட்டும் வைத்திருப்பவர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார். பெயர், நிறுவனம், மொபைல் எண், முதலீட்டாளரா மென்டரா, இது நான்கு போதும்.

அப்புறம், முப்பது பேரை டேக் செய்வதால் பயன் இல்லை, பலருக்கு எரிச்சல்தான். உண்மையிலேயே வர வேண்டும் என்று நினைக்கும் பத்துப் பேருக்கு, அவரவர் பெயர் போட்டு, அவர் ஏன் என்று ஒரு வரி சேர்த்து, இதே அழைப்பைத் தனியே அனுப்புங்கள். பதிவைப் பார்த்து வருகிறவர்களைவிட இதில் வருகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.