பிரிவின் இ.வி.ஏ. கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தின் ஒரு பிரிவு லாபம் காட்டுகிறது என்பதால் மட்டும் அது செல்வத்தைப் பெருக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. அதில் போட்ட பணத்துக்கும் ஒரு செலவு உண்டு. வரி போன பின் நிற்கும் செயல்பாட்டு லாபத்திலிருந்து அந்த மூலதனச் செலவைக் கழித்தால் வருவதுதான் பொருளாதார கூடுதல் மதிப்பு, சுருக்கமாக இ.வி.ஏ. என்பார்கள். கணக்கு எளிதுதான். ஆனால் எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதில் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 20 கோடி. வரி 25 சதவீதம் போக 15 கோடி. ஆண்டுத் தொடக்கத்தில் இயந்திரங்களில் 70 கோடியும் நடைமுறை மூலதனத்தில் 30 கோடியும் முடங்கியிருக்கின்றன. மூலதனச் செலவு 12 சதவீதம் என்றால் 12 கோடி. மிச்சம் 3 கோடி.

முதல் தவறு, லாபத்திலேயே வட்டியைக் கழித்துவிடுவது. வட்டி 4 கோடி என்று வைத்தால், வரிக்குப் பிந்தைய லாபம் 12 கோடியாகச் சுருங்கி, இ.வி.ஏ. சுழியாகிவிடும். கடனுக்கான செலவு அந்த 12 சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே செலவை இரண்டு முறை கழித்து, நன்றாக நடக்கும் பிரிவைத் தண்டிக்கிறோம்.

அடுத்தது, நிறுவனம் முழுவதற்கும் ஒரே விகிதத்தைப் போடுவது. இந்தப் பிரிவின் தொழில் அபாயம் அதிகமாக இருந்து, நியாயமான விகிதம் 16 சதவீதம் என்றால், அதே 15 கோடி லாபத்தில் இ.வி.ஏ. மைனஸ் 1 கோடி. அதே துறையில் மட்டும் இயங்கும் நிறுவனங்களின் அபாயத்தைப் பார்த்துத்தான் பிரிவுக்கான விகிதத்தை வைக்க வேண்டும்.

இவற்றைவிட ஆபத்தானது தேய்மானம் செய்யும் மாயம், ஏனென்றால் இதில் கணக்கு சரியாகவே இருக்கும். அந்த 70 கோடி இயந்திரங்கள் ஆண்டுக்கு 7 கோடி வீதம் தேய்கின்றன. ஐந்து ஆண்டுகளில் ஏட்டு மதிப்பு 35 கோடி, மொத்த மூலதனம் 65 கோடி, அதன் செலவு 7.8 கோடி. லாபம் அதே 15 கோடியாகவே இருந்தாலும் இ.வி.ஏ. 7.2 கோடி! யாரும் எதையும் மேம்படுத்தவில்லை, இயந்திரம் பழசானது, அவ்வளவுதான். போனஸ் இதை வைத்துத் தீர்மானமானால், மேலாளர் புது இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். வாங்கினால் மூலதனம் ஏறி, எண் சரிந்துவிடுமே.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இ.வி.ஏ. உயர்ந்தால், அதில் எவ்வளவு லாப வளர்ச்சியால் வந்தது, எவ்வளவு மூலதனம் குறைந்ததால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். இங்கே 4.2 கோடி உயர்வு முழுக்க இரண்டாவது வகை. சரி, சரக்கிருப்பைக் குறைத்து மூலதனத்தை விடுவித்திருந்தால் அது உண்மையான சாதனை, அதைத் தேய்மானத்தோடு சேர்க்கக் கூடாது. இயந்திரங்கள் பெரும்பங்கு வகிக்கும் பிரிவுகளில், தொடக்கத்தில் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் தேய்மானம் எழுதும் ஆண்டுத்தொகை முறையைப் பயன்படுத்தலாம். தேய்மானமும் மூலதனச் செலவும் சேர்ந்த தொகை அப்போது ஆண்டுதோறும் ஒரே அளவில் நிற்கும். பழைய இயந்திரம் வைத்திருப்பவருக்குச் சலுகை கிடைக்காது.